"நாளை பேசலாம்..." என்று வந்தால் ராத்தூக்கம் போக வேண்டுமா?

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது. எதிரே வந்து உட்கார்ந்ததும் போனை என் பக்கம் நீட்டுகிறார்கள். "இதைப் பாருங்க மேடம், இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" திரையில் ஒரு குட்டிப் பதில், அதன் பின்னால் ஒரு புள்ளி, இல்லாவிட்டால் மூன்று புள்ளி.

அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் தொழில். நான்காவதாக வந்த பெண்ணுக்கு 26 வயது. திருத்திய அறிக்கையை இரவு 9:40க்கு மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். வந்த பதில்: "பார்த்தேன். நாளை பேசலாம்..." அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணிவரை விழித்திருந்து, ராஜினாமா கடிதத்தைப் பாதிவரை எழுதிவிட்டு, மறுநாள் லீவு போட்டுவிட்டார். சொல்லாமல் லீவு போட்டதாக மேலதிகாரிக்குக் கோபம். இருவருமே என்னிடம் வந்தார்கள்.

அந்தப் பெண்ணின் அனுமதியோடு மேலதிகாரியிடம் கேட்டேன். அவருக்கு 54 வயது. "விஷயம் இன்னும் முடியலை, மீதியை நாளைக்குப் பேசிக்கலாம்னு அர்த்தம். லெட்டர் எழுதின காலத்திலேயே நான் அப்படித்தாங்க எழுதுவேன்" என்றார். அந்தப் பெண்ணுக்கோ மூன்று புள்ளி என்றால் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார் என்று பொருள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். "புள்ளி வச்சா கோபம், மூணு புள்ளின்னா சலிப்பு" என்று அகராதி மாதிரி ஒரு பட்டியல் போன் போனாகச் சுற்றுகிறது. ஆராய்ச்சியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று வாதாடவும் செய்கிறார்கள். அந்த ஆராய்ச்சி என்ன சொன்னது என்று யாராவது படித்தீர்களா? அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளின் குழு 2015இல் வெளியிட்டது அது. 126 மாணவர்களிடம் குட்டிக் குட்டி உரையாடல்களைக் கொடுத்தார்கள். சம்மதம் சொல்லும் ஒற்றைச் சொல் பதில் சிலவற்றில் புள்ளியோடும் சிலவற்றில் புள்ளி இல்லாமலும் இருந்தது. மெசேஜாக வந்தபோது புள்ளி வைத்த பதிலில் மனப்பூர்வம் குறைவு என்று மதிப்பிட்டார்கள். அதே உரையாடல் கையால் எழுதிய துண்டுச்சீட்டாக இருந்தபோது அந்த வித்தியாசமே தெரியவில்லை. அதில் அளந்தது மனப்பூர்வத்தை, கோபத்தை இல்லை. அதுவும் ஒற்றைச் சொல் பதிலுக்குத்தான்.

காகிதத்தில் வாக்கியம் முடிந்தது என்று சொல்லப் புள்ளி தேவை. சாட்டில் அனுப்பு பட்டனை அழுத்தியதுமே பேச்சு முடிந்துவிடுகிறது. வேலையில்லாமல் நிற்கும் புள்ளிக்குப் படிப்பவர் மனம் தானாக ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. மூன்று நான்கு வாக்கியம் உள்ள மெசேஜில் புள்ளிக்கு மறுபடி அதன் சொந்த வேலை வந்துவிடும். அங்கே வைத்தால் யாருக்கும் உறுத்தாது.

ஆகவே நான் முதலில் சொல்வது, "மேலே தள்ளிப் பாருங்க" என்பதுதான். அதே நபர் இதற்கு முன் அனுப்பிய இருபது மெசேஜைப் பாருங்கள். எல்லாவற்றிலும் புள்ளி இருந்தால் இந்தப் புள்ளிக்குத் தனி அர்த்தம் இல்லை. எப்போதும் வைக்காதவர் இன்றைக்கு மட்டும் வைத்திருந்தால், அப்போது கேட்கலாம். அந்தப் பெண்ணையும் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். "பிறந்தநாள் வாழ்த்துகள்..." என்று இருந்தது. அதற்குக் கீழே, "காய்ச்சல் குறைந்ததா..." அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. பல போன்களில் ஸ்பேஸ் பட்டனை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி தானாகவே விழும். அனுப்பியவருக்கே தெரியாத புள்ளிக்காகச் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் டைப் செய்பவர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் அனுப்பினால் கத்துவது போலத்தான் படும். ஆனால் கண் பார்வை மங்கியவர்கள் பெரிதாகத் தெரியட்டும் என்றும் அப்படி அடிப்பார்கள். இதற்கும் இருபது மெசேஜ் சோதனையே போதும்.

மேலதிகாரிகளே, ராத்திரியில் "நாளை பேசலாம்" என்று மொட்டையாக அனுப்பாதீர்கள். எதைப் பற்றி என்று நாலு சொல் சேருங்கள், இல்லாவிட்டால் காலையில் அனுப்புங்கள். இளையவர்களே, ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிகளிடம் அர்த்தம் கேட்காதீர்கள். அவர்களுக்கும் அவரைத் தெரியாது. "சார், ஏதாவது தப்பா இருக்கா?" என்று அவரிடமே கேளுங்கள். தயவுசெய்து அன்றைக்கே கேளுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் வந்து புது மெசேஜ் ஒன்றைக் காட்டினார். "பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. 2ஆம் பக்கத்தில் ஒரு கூட்டல் மட்டும் இடிக்கிறது. நாளை 11 மணிக்குப் பேசலாம்..."

புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. படித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம்.