சொல் விளக்கம்: சராசரி வாசகம்

தீக் காப்புறுதிப் பத்திரங்களில் ‘எவெரேஜ் கிளோஸ்’ என்று ஒரு நிபந்தனை வரும். பாடநூல்கள் அதைச் ‘சராசரி வாசகம்’ என்கின்றன. பெயரைப் பார்த்துவிட்டு, பல வருட இருப்பைக் கூட்டி வகுக்க வேண்டுமாக்கும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் பிழையல்ல, சொல்லின் பிழை.

எவெரேஜின் வேர் கடலில் இருக்கிறது. ‘அவார்’ என்றால் அரபியில் சரக்குக்கு ஏற்பட்ட சேதம். இத்தாலியத்தில் ‘அவாரியா’, பிரெஞ்சில் ‘அவாரி’ என்று ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலரின் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பைக் கப்பல்காரரும் எறிந்த சரக்கின் சொந்தக்காரர் உட்பட எல்லாச் சரக்குக்காரரும் தத்தம் பொருளின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்வார்கள். கணிதச் சராசரி இதிலிருந்து பிறகு கிளைத்த பொருள். நம் ‘சராசரி’யோ பாரசீக வழி வந்த வேறொரு சொல். அதில் இந்தப் பங்கீட்டின் வாசனையே கிடையாது.

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை ஜூலையில் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிந்ததை எண்ண முடியாது, அதனால் கணக்குப் புத்தகத்திலிருந்து இருப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏப்ரல் 1ஆம் திகதி இருப்பு 40 இலட்சம் ரூபாய். அதன்பின் கொள்வனவு 65 இலட்சம், விற்பனை 80 இலட்சம். போன வருடம் மொத்த இலாபம் விற்பனையில் 25 சதவீதம். அதே வீதத்தைக் கொண்டால், விற்ற துணியின் அடக்கவிலை 60 இலட்சம். 105 இலட்சத்தில் அதைக் கழித்தால், தீப்பிடித்த அன்று கடையில் இருந்தது 45 இலட்சத்துச் சரக்கு.

இங்கே ஒரு கவனம் தேவை. அந்த 80 இலட்சத்தில் 8 இலட்சம், பழைய துணியை அடக்கவிலைக்கே தள்ளிவிட்ட விற்பனை என்றால், அதற்கு 25 சதவீத இலாபத்தைப் போடக் கூடாது. அதைத் தனியே பிரித்தால் இருப்பு 43 இலட்சமாகக் குறையும். நம் கடையில் அப்படி விற்பனை இல்லை என்றே கொள்வோம்.

சரி, 5 இலட்சத்துத் துணி தப்பியது. இழப்பு 40 இலட்சம். காப்புறுதித் தொகை 36 இலட்சம்தான். முழு 36 இலட்சமும் கிடைக்கும் என்று கடைக்காரர் காத்திருப்பார். ஆனால் 45 இலட்சத்துச் சரக்கில் 36 இலட்சத்துக்கு, அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கே, அவர் காப்புறுதி எடுத்திருக்கிறார். எனவே இழப்பிலும் ஐந்தில் நான்கு பங்கு, 32 இலட்சம்தான் கிடைக்கும். மீதி 8 இலட்சம் அவர் தலையில்.

அதாவது காப்புறுதி செய்யாமல் விட்ட பங்குக்கு அவரே காப்புறுதியாளர். கப்பலில் நடந்த அதே பங்கீடு. அதனால்தான் நான் இதை ‘இழப்புப் பங்கீட்டு வாசகம்’ என்று எழுதுகிறேன். பத்திரத்தில் இந்தப் பெயர் இருந்தால், மீதிப் பங்கு யாருக்கு என்று கடைக்காரர் கையெழுத்துப் போடும் முன்பே கேட்பார்.