அவசரக் கருத்தடை மாத்திரை: சொல் விளக்கம்

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கர்ப்பத்தைத் தவிர்க்கச் சாப்பிடும் இந்த மாத்திரைக்கு ஆங்கிலத்தில் 'மார்னிங் ஆஃப்டர் பில்' என்ற பெயர்தான் முதலில் பரவியது. மறுநாள் காலை மாத்திரை என்று பொருள். மருத்துவர்கள் 'எமர்ஜென்சி கான்ட்ராசெப்ஷன்' என்பார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் பெரும்பாலும் 'ஐ-பில்' என்ற விற்பனைப் பெயரையோ '72 மணி நேர மாத்திரை' என்றோ சொல்லிக் கேட்பார்கள். சிலர் 'கருக்கலைப்பு மாத்திரை' என்று கேட்டுவிடுகிறார்கள். அது வேறு மருந்து.

பழைய பெயர் 1960களைச் சேர்ந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லீன் மோரிஸ், கெர்ட்ரூட் வான் வாகெனென் என்ற இரு ஆய்வாளர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகை மருந்துகளைக் குரங்குகளுக்குக் கொடுத்து, உறவுக்குப் பிறகும் கர்ப்பத்தைத் தவிர்க்க முடிகிறது என்று கண்டார்கள். பின்னர் பெண்களுக்கு டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் 25 மில்லிகிராம் வீதம் தினமும் இரண்டு வேளை, ஐந்து நாள் கொடுக்கப்பட்டது. கடுமையான குமட்டல் வரும். கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதை மருந்து தடுக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். அதனால் மோரிஸ் இதற்கு 'இன்டர்செப்ஷன்', அதாவது இடைமறித்தல், என்றே பெயர் வைத்தார்.

1974இல் கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே, சாதாரணக் கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஒற்றை ஹார்மோன் வந்தது. இப்போது இந்தியாவில் விற்கும் அவசரக் கருத்தடை மாத்திரை இதுதான், 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. மருந்து முற்றிலும் மாறிய பிறகும் 'பதிவதைத் தடுக்கிறது' என்ற பழைய நம்பிக்கை மட்டும் கூடவே வந்தது. அமெரிக்காவில் இந்த மாத்திரையின் விவரச்சீட்டில் அந்த வாசகம் 2022 டிசம்பர் வரை இருந்தது. ஆதாரம் இல்லை என்று அதன் பிறகுதான் நீக்கினார்கள். இந்தப் பழைய வாசகமும் 'அது கருவைக் கலைக்கும்' என்ற பயம் பரவ ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, மாத்திரை உண்மையில் என்ன செய்கிறது? கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை வெளிவருவதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் என்ற ஹார்மோன் திடீரென ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் தொடங்கும் முன் லெவோநார்ஜெஸ்ட்ரல் உடலில் இருந்தால் ஏற்றம் நின்றோ தள்ளியோ போகும். உள்ளே காத்திருக்கும் விந்தணுக்கள் அதிகபட்சம் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கலாம். அதற்குள் முட்டை வராவிட்டால் கரு உருவாகாது. ஏற்றம் தொடங்கிய பிறகு சாப்பிட்டால் மாத்திரையால் பெரிதாகச் செய்ய முடியாது. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் அந்தக் கர்ப்பத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்கு 14ஆம் நாள் முட்டை வரும் என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் நாள் சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிடுகிறது. ஞாயிறு காலையே மாத்திரை சாப்பிட்டால் எல்எச் ஏற இன்னும் ஒரு நாளுக்கு மேல் இருக்கிறது, மாத்திரைக்கு நல்ல வாய்ப்பு. அதையே செவ்வாய் இரவுக்குத் தள்ளினால் '72 மணி நேரத்துக்குள்' தான் இருக்கிறார், ஆனால் ஏற்றம் அதற்குள் தொடங்கியிருக்கலாம். 72 மணி என்பதைக் கடைசிக் கெடுவாக எடுத்துக்கொண்டு காத்திருப்பது தவறு என்பதற்கு இதுதான் காரணம். சீக்கிரம் சாப்பிடுவதில்தான் பலன் இருக்கிறது.

இதே பெண் ஞாயிறு மாத்திரை சாப்பிட்டுவிட்டு, 'இந்த மாதம் பாதுகாப்பு' என்று நினைத்து வியாழக்கிழமை ஆணுறை இல்லாமல் இருந்தால் ஆபத்து கூடுதல். தள்ளிப்போன முட்டை இனிமேல்தான் வரப்போகிறது. மாத்திரை நடந்து முடிந்த உறவுக்குத்தான், அடுத்ததற்கு அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது.

உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வில் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிட்ட 976 பெண்களில் 11 பேர் கர்ப்பமானார்கள். யூஸ்பே முறையில் 979 பேரில் 31 பேர். முதல் மருந்தின் பலனை 85 சதவீதம் என்று குறிப்பிட்டார்கள். இதைப் படித்து, நூறில் 15 பேர் கர்ப்பமாவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி அல்ல. மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் நூறில் ஏழெட்டுப் பேர் கர்ப்பமாகியிருப்பார்கள், மாத்திரையால் அது ஒன்றைச் சற்றுத் தாண்டிய அளவுக்குக் குறைந்தது. இந்தக் குறைவைத்தான் 85 என்கிறார்கள்.

இரண்டாவது வழி காப்பர் டி. உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் மருத்துவர் கருப்பையில் பொருத்தினால் 99 சதவீதத்துக்கு மேல் பலன் தரும். தாமிரம் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது, பதிவதையும் தடுக்கக்கூடும். எல்எச் ஏறிவிட்டாலும் இது பலிக்கும். டி 380ஏ வகை என்றால் பத்து ஆண்டுவரை கருத்தடையாகவும் நிற்கும். மேலைநாடுகளில் யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் என்ற மாத்திரையும் உண்டு. அது 120 மணி நேரம்வரை, எல்எச் ஏறத் தொடங்கிய பின்னும் உச்சம் தொடும் முன்வரை வேலை செய்யும்.

மாத்திரை தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி சாப்பிட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் எடுத்துக்கொள்பவர்களுக்குக் கல்லீரல் இந்த ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். அவர்களுக்கு இரட்டை அளவு, அல்லது அதைவிட நல்லதாகக் காப்பர் டி தேவை. உடல் எடை மிக அதிகமானாலும் பலன் குறையலாம், மருத்துவரைக் கேட்பது நல்லது. குழந்தை பெறும் திறனை மாத்திரை கெடுக்காது.

இனி தமிழ்ப் பெயர். 'கான்ட்ராசெப்ஷன்' என்பது எதிர், கருவுறுதல் என்ற இரு லத்தீன் வேர்களின் சேர்க்கை. கருத்தடை அதற்குச் சரியாகப் பொருந்துகிறது, கரு உருவாகாமல் தடுப்பது. கலைப்பது அதில் இல்லை. 'அவசரம்' வடமொழி 'அவசர'விலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள், தமிழில் விரைவு என்ற பொருள் நிலைத்தது. இந்த மருந்துக்கு இரண்டும் பொருந்துகின்றன. 'அவசரக் கருத்தடை மாத்திரை' என்பதே சரியான பெயர், க் ஒற்றோடு எழுத வேண்டும். காப்பர் டியையும் சேர்த்துச் சொல்ல 'அவசரக் கருத்தடை' போதும். 'மறுநாள் மாத்திரை' என்று பெயர்த்தால் விடியும்வரை காத்திருக்கலாம் என்று தோன்றிவிடும்.

மாத்திரைக்குப் பின் மாதவிடாய் சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம், இடையில் லேசான ரத்தக்கசிவும் இருக்கலாம். அந்தக் கசிவைப் பார்த்து 'வேலை செய்துவிட்டது' என்று முடிவு செய்யக் கூடாது. எதிர்பார்த்த நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டியும் வராவிட்டாலோ, உறவு நடந்து மூன்று வாரம் ஆனாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம்.