பெயரற்ற தரவா, புனைபெயர்த் தரவா?

சாலைச் சந்திப்புகளில் புளூடூத் உணரி வைக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் கூடவே வருகிறது: "பெயரற்ற தரவு மட்டுமே திரட்டப்படும்." ஆங்கிலத்தின் 'அனானிமஸ்' என்ற சொல்லைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அதன் வேரில் 'ஓனோமா' என்ற கிரேக்கச் சொல் இருக்கிறது, பொருள், பெயர். முன்னொட்டு இன்மையைக் குறிக்கும். ஆக, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு சரி. பொருள்தான் பொய்.

உணரி கேட்பது பெயரை அல்ல. காரிலோ கைப்பேசியிலோ உள்ள புளூடூத் கருவியின் தனி அடையாள எண்ணான மேக் முகவரியைப் பிடிக்கிறது. அதே முகவரி முதல் சந்திப்பில் 8:00 மணிக்கும் அடுத்ததில் 8:04-க்கும் பதிவானால், பயணம் 4 நிமிடம். தடையில்லாமல் வந்தால் 2 நிமிடம் போதுமென்றால், மீதி பெரும்பாலும் சிவப்பு விளக்கில் போனது. பல வாகனங்களுக்கு இதே கணக்கு வந்தால், இரண்டாம் சிக்னலில் பச்சை தொடங்கும் நேரத்தை மாற்றி அமைக்கிறார்கள்.

முகவரியை அப்படியே வைக்காமல் 'ஹாஷ்' என்னும் குறியீடாக மாற்றிச் சேமிப்பதைத்தான் "பெயரற்றது" என்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே குறியீடு என்றால், தினமும் காலையில் இங்கும் மாலையில் அங்கும் தோன்றும் குறியீடு ஒருவரின் வீட்டையும் வேலையிடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். குறியீட்டை உடைப்பதும் கடினமல்ல. மேக் முகவரி 48 பிட். வழக்கமாக முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் குறிக்கும். அது தெரிந்துவிட்டால், எஞ்சியதில் 1,67,77,216 வாய்ப்புகளே உண்டு. ரகசியச் சொல் சேர்க்காத ஹாஷ் என்றால், அத்தனையையும் கணக்கிட்டு ஒப்பிடச் சாதாரணக் கணினிக்குச் சில நொடிகள் போதும்.

மொட்டைக் கடிதத்திலும் பெயர் இருக்காது. கையெழுத்து ஆளைக் காட்டிவிடும். தமிழுக்குத் தெரிந்த இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் கைவிட்டார்கள்? அகராதியைப் புரட்டியவர்கள் கருவியைப் பார்க்கவில்லை. 'அநாமதேயத் தரவு' என்று எழுதுவோரும் அதே பிழையை வடமொழியில் செய்கிறார்கள்.

நிலையான ஹாஷுக்கு ஏற்ற சொல் நம்மிடமே இருக்கிறது: புனைபெயர்த் தரவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் இதைத் தனியாகப் பிரித்து, தனிநபர் தரவாகவே நடத்துகிறது. யாரென்று எவராலும் மீட்க முடியாத நிலைக்கு மட்டும் 'அடையாளமற்ற தரவு' என்று சொல்லலாம்.

அந்த நிலையை நெருங்கவும் வழி உண்டு. ஹாஷ் செய்யுமுன் ஒரு ரகசியச் சொல்லைச் சேர்த்து, நாள்தோறும் அதை மாற்றிப் பழையதை அழித்துவிட்டால், இன்றைய குறியீட்டை நேற்றையதோடு இணைக்க முடியாது. சிக்னல் நேரக் கணக்கில் நள்ளிரவைத் தாண்டும் சில பயணங்கள் மட்டும் விடுபடும். ஒரே வாகனம் வாரக்கணக்கில் எங்கெங்கு போகிறது என்ற ஆய்வு மட்டும் நடக்காது. அது வேண்டுமென்று குறியீட்டை மாற்றாமல் வைத்திருப்பவர்கள், அறிவிப்பில் 'புனைபெயர்த் தரவு' என்றே எழுத வேண்டும்.