ஓரம் பல்லுப் பல்லாகத் தெரிகிறதா? கத்தரிக்கோலைத் திட்டாதீர்கள்

இந்த வாரத்தில் இது மூன்றாவது. நகைக்கடை ஒன்றிலிருந்து அவர்களுடைய மயில் சின்னத்தை அனுப்பியிருந்தார்கள். தங்க நிற மயில், பேக்ரவுண்ட் நீக்கியது, கோப்பின் பெயர் .gif என்று முடிகிறது. அடர் மெரூன் பேனரில் வைத்தால் மயிலைச் சுற்றி வெளிறிய கோடு, தோகை ஓரமெல்லாம் ரம்பப் பல். போன் செய்தால் ஒரே பதில்: "எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே சார் தெரியுது?" தெரியும். அவர்கள் பார்த்தது வெள்ளைத் திரையில்.

வளைந்த கோடு ஒன்று சதுரச் சதுரமான பிக்சல்களில் மென்மையாகத் தெரிவதே ஒரு ஏமாற்று வேலைதான். ஓரத்துப் பிக்சலில் மயில் பாதி, வெளி பாதி இருந்தால் அந்தப் பிக்சலைப் பாதி ஒளிபுகும்படி விடுகிறோம். பிஎன்ஜி கோப்பில் பொதுவாக ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை இந்த அளவைக் குறித்து வைக்க இடம் உண்டு. ஜிஃப்பில் இல்லை. அதன் வண்ணப் பட்டியலில் அதிகபட்சம் 256 நிறங்கள். அவற்றில் ஒன்றை "இது வந்தால் ஒன்றும் வரையாதே" என்று ஒதுக்கலாம், அவ்வளவுதான். 1989-இல் வந்த 89a பதிப்பிலிருந்து இதே ஏற்பாடு. விளக்கு ஸ்விட்ச் மாதிரி: ஆன் அல்லது ஆஃப். ஃபேன் ரெகுலேட்டர் கிடையாது.

அப்படியானால் அந்தப் பாதிப் பிக்சல் என்ன ஆகும்? மயில் 40 சதவீதம் மட்டுமே மூடியிருக்கும் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். தங்க நிறம் 212, 175, 55. மெரூன் 128, 0, 0. பிஎன்ஜியாக இருந்தால் இரண்டும் கலந்து சுமார் 162, 70, 22 என்ற அடர் செம்பழுப்பு வரும், கண்ணுக்கு ஓரமே தெரியாது. ஜிஃப்பில் சேமிக்கும்போது மென்பொருள் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். ஒன்று, பாதிக்குக் கீழே என்று அந்தப் பிக்சலைத் தூக்கி எறியும். அதுதான் ரம்பப் பல். அல்லது, பின்னால் ஒரு நிறத்தை, வழக்கமாக வெள்ளையை, வைத்துக் கலந்து 238, 223, 175 என்ற கிரீம் நிறமாக்கி, முழுதாக மூடிய பிக்சலாக வைத்துவிடும். மெரூன் மேல் அந்தக் கிரீம் பளிச்சென்று நிற்கும். அதுதான் வெளிறிய கோடு. நகைக்கடைக்காரர் அனுப்பியதில் சில இடத்தில் இது, சில இடத்தில் அது. இரண்டு கை பட்ட கோப்பு போலிருக்கிறது.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயம். "அப்போ பிஎன்ஜியா மாத்தி அனுப்புறேன் சார்." அதே ஜிஃப்பைத் திறந்து, பிஎன்ஜியாகச் சேமித்து, பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். சிலர் அதுகூட இல்லை, கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றுகிறார்கள்! ஐயா, 40 சதவீதம் என்ற அந்தத் தகவல் ஜிஃப்பாகச் சேமித்த நொடியே போய்விட்டது. பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் சிந்திய பால் திரும்ப வருமா? பிஎன்ஜியில் இடம் இருக்கிறது, நிரப்பத்தான் ஒன்றும் இல்லை. எங்கே, எப்போது ஜிஃப் ஆனதோ அதற்கு முந்தைய கோப்பு வேண்டும்.

அந்த முந்தைய கோப்பு கையில் இருந்தால் வேலை எளிது. ஃபோட்டோஷாப்பின் Save for Web பெட்டியில் PNG-24 தேர்ந்தெடுத்து, Transparency பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் PNG-8 பக்கம் போகாதீர்கள். பெயர் பிஎன்ஜி என்றாலும் அங்கே எழுதப்படுவது அதே ஆன்-ஆஃப்தான். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில் பிஎன்ஜி ஓரம் சாம்பலாகத் தெரிந்ததால் ஜிஃப்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். 2006-இல் ஏழாம் பதிப்பு வந்ததோடு அந்தச் சாக்கும் போயிற்று.

படம் அசைய வேண்டும், ஜிஃப்தான் வேண்டும் என்றால் அதே பெட்டியில் Matte என்ற இடத்தில் கடைசியில் படம் உட்காரப்போகும் பேக்ரவுண்டின் நிறத்தையே கொடுங்கள். மெரூன் மேல் போகிற மயிலுக்கு மெரூன். ஓரம் அழகாக இருக்கும், அந்த ஒரு நிறத்தின் மேல் மட்டும். நாளைக்குப் பச்சையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை, தயவுசெய்து. படத்துக்கு அடியில் கறுப்பு லேயர் ஒன்று போட்டு, 400 சதவீதம் பெரிதாக்கி, ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் அதையே வெள்ளையாக்கிப் பாருங்கள். மொத்தம் அரை நிமிடம்.

மயிலுக்கு என்ன ஆயிற்று? அதை முதலில் வரைந்தவரைத் தேடிப் பிடித்தோம். அவரிடம் கோரல்டிராவில் பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவே வரைந்த மூலம் அப்படியே இருந்தது. பேனருக்கு அதையே வைத்தேன், பிக்சல் கதையே எழவில்லை. கடைக்காரர்தான் அதை ஒருமுறைகூடக் கேட்டு வாங்கியதில்லை.