போட்டோவில் தெரிவது புல் வெட்டும் மெஷினா, பால் கறக்கும் மெஷினா? நாலு மாட்டுக்கு எத்தனை ஹெச்.பி மோட்டார் போதும்?

பழைய மெஷின் விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பாதிக்கு மேல் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், துருப்பிடித்த இரும்புச் சட்டம், பின்னால் வைக்கோல் போர், அவ்வளவுதான் தெரியும். அது என்ன மெஷின் என்று கண்டுபிடிக்க மோட்டாரைப் பார்க்காதீர்கள், மோட்டார் எதைச் சுற்றுகிறது என்று பாருங்கள்.

பெல்ட் போய்ச் சேரும் இடத்தில் இரண்டடி அகலத்துக்குக் கனமான வார்ப்பிரும்புச் சக்கரமும், அதன் ஆரங்களில் வளைந்த கத்திகளும் இருந்தால் அது புல் வெட்டும் மெஷின். சக்கரத்துக்கு முன்னால் நீளமான தகரத் தொட்டி இருக்கும், தொட்டி முடியும் இடத்தில் பல் வைத்த இரண்டு உருளைகள் மேலும் கீழுமாக இருக்கும். புல்லைப் பிடித்து இழுத்துக் கத்திக்குக் கொடுப்பது அந்த உருளைகள்தான். பெரிய சக்கரமே இல்லாமல் வட்டமான மூடிய பெட்டியும் மேல்நோக்கி வளைந்த குழாயும் மட்டும் தெரிந்தால், அதுவும் புல் வெட்டுவதுதான், வேகமாகச் சுற்றி வெட்டித் தூக்கி எறியும் வகை.

பெல்ட் சின்ன உருண்டையான பம்புக்குப் போய், அங்கிருந்து ஒரு தொட்டி, முள் காட்டும் வட்ட மீட்டர், ரப்பர் குழாய், மூடி போட்ட கேன் என்று தொடர்ந்தால் அது கறவை மெஷின். குழாயின் முனையில் நாலு கப் தொங்கும், கேன் மூடியின் மேல், கப்புகளுக்கு இழுப்பை விட்டு விட்டுக் கொடுக்கும் பல்சேட்டர் கைக்கு அடக்கமாக உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் அடியில் சக்கரம் வைத்த வண்டியாக இருக்கும். இதன் மோட்டார் பாலைத் தூக்குவதில்லை, கசிந்து உள்ளே வரும் காற்றை வெளியே தள்ளி 40 முதல் 50 கிலோபாஸ்கல் வெற்றிடத்தை விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதனால் ஒரு கேன் வண்டிக்கு அரை முதல் ஒரு ஹெச்.பி போதும், மாட்டை ஒவ்வொன்றாகக் கறப்பதால் மாடு கூடினால் நேரம்தான் கூடும், மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

புல் வெட்டும் மெஷினில்தான் கணக்குப் போட வேண்டும். மன்னார்குடி பக்கம் நாலு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கும் தம்பி ஒருவர் படத்தை அனுப்பி, "அண்ணே, ரெண்டு ஹெச்.பி மோட்டாருன்னு சொல்றாங்க, ஒரு ஹெச்.பி மாட்டிக்கிட்டா இன்னும் கம்மியா தரேங்கிறாங்க, எது வாங்கலாம்?" என்று கேட்டார். அந்தப் படத்தை வைத்தே பார்ப்போம்.

படம் நேர் பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால் போன் திரையின் மேலேயே ஸ்கேலை வைத்து, பெல்ட் ஓடும் இரண்டு புல்லிச் சக்கரங்களையும் அளக்கலாம். உண்மையான அளவு தெரிய வேண்டாம், விகிதம் போதும். இங்கே பெரியது சின்னதைப்போல ஐந்து மடங்கு இருந்தது. சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, ஆகக் கத்திச் சக்கரம் 288 சுற்று. சக்கரத்தில் இரண்டு கத்தி, எனவே நிமிடத்துக்கு 576 வெட்டு. ஒரு வெட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் என்றால் பதினோரு மீட்டருக்கு மேல் புல் உள்ளே போகும். வாய் இருபது சென்டிமீட்டர் அகலம், அமுங்கிய புல் நாலு சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், பச்சைப்புல் நிமிடத்துக்குப் பத்து கிலோ அளவுக்கு வரும். ஆனால் வாய் எந்நேரமும் நிறைந்திருக்காது, கையில் அள்ளி வைக்கும் இடைவெளி உண்டு, பாதியாகக் குறைத்து மணிக்கு 300 கிலோ என்று கொள்ளலாம்.

மாட்டுக்கு 25 கிலோ வீதம் நாலு மாட்டுக்குக் கோ-4 புல் நூறு கிலோ. இருபது நிமிட வேலை. மோட்டார் முழுத் திறனில் ஓடினாலும் அரை யூனிட்டைச் சற்றே தாண்டும் கரண்டு, ஆகக் கரண்டு பில்லைப் பார்த்துச் சின்ன மோட்டார் எடுப்பதில் அர்த்தமில்லை.

அப்படியானால் ஒரு ஹெச்.பி ஏன் வேண்டாம்? சராசரியாகப் பார்த்தால் அதுவே ஓட்டிவிடும், பிரச்சினை சராசரியில் இல்லை. முற்றிய தண்டு ஒரு கட்டாக உள்ளே போகும் அந்த நொடியில் தேவைப்படும் விசை பல மடங்கு ஏறும். அந்த நொடியைத் தாங்கத்தான் அவ்வளவு கனமான சக்கரம். விளிம்பில் நாற்பது கிலோ எடை, ஓரடி ஆரம், 288 சுற்று என்றால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல், இரண்டு ஹெச்.பி மோட்டார் ஒரு நொடியில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்குமேல் கட்டு நீண்டால் மோட்டாரேதான் இழுக்க வேண்டும். ஒரு ஹெச்.பியால் முடியாமல் வேகம் விழும், பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் வாசனை வரும், வெட்டாமல் நசுங்கிய புல் கத்திக்கும் வாய்க்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் இதோடு இரண்டு விஷயம் சேர்கிறது. ஒன்று வைக்கோல். அறுவடை மெஷின் கக்கிய சம்பா வைக்கோல் நேராக இல்லாமல் சிக்கலாகக் கிடக்கும், அதிலும் பனியில் நமுத்தது உருளையில் நூல்போலச் சுற்றிக்கொண்டு இழுக்கும். இன்னொன்று சாயங்கால வோல்டேஜ். இந்த வகை மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும், 230 இருக்க வேண்டிய இடத்தில் 185 வந்தால் விசை மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு ஹெச்.பி மோட்டார் அப்போதும் தாக்குப்பிடிக்கும், ஒரு ஹெச்.பி வெறுமனே உறுமிக்கொண்டு நின்று சூடாகும்.

சரி, படத்தில் இருப்பது நிஜமாகவே இரண்டு ஹெச்.பிதானா? மோட்டார் முதுகில் கெப்பாசிட்டர் பெட்டி திமில்போலத் துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஒருமுனை மின்சாரத்துக்கானது. அதைத் தாண்டித் திறனைப் படத்தில் கண்ணால் ஊகிக்க முடியாது. 1440 சுற்று மும்முனை மோட்டார்களில் தண்டின் நடுவுக்கும் அடிப்பாதத்துக்கும் உள்ள உயரம் வழக்கமாக ஒரு ஹெச்.பிக்கு 80 மில்லிமீட்டர், இரண்டுக்கு 90, மூன்றுக்கு 100. வித்தியாசம் ஒவ்வொரு சென்டிமீட்டர்தான், ஒருமுனை மோட்டார் அதே திறனுக்கு இன்னும் பெருத்தும் இருக்கலாம். அதனால் மோட்டார் தகட்டைத் துடைத்துக் கிட்டத்தில் இன்னொரு படம் கேளுங்கள். தகட்டில் 1.5 கிலோவாட் என்று இருந்தால் இரண்டு ஹெச்.பி, 0.75 என்றால் ஒன்று. தகடே இல்லாத, மேலே புதுப் பெயின்ட் அடித்த மோட்டாருக்கு விற்பவர் சொல்லும் ஹெச்.பியை நம்பி விலை பேசாதீர்கள்.

அதே படத்தில் தொட்டிப் பக்கம் கியர் லீவர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். முன்னே, நிறுத்து, பின்னே என்று மூன்று நிலை அதற்கு உண்டு, உருளை கையைப் பிடித்தால் பின்னே தள்ளி எடுக்க அது ஒன்றுதான் வழி. கையால் சுற்றும் பழைய மெஷினுக்கு மோட்டார் மாட்டி விற்பதில் இது இருக்காது, சக்கரத்தில் கைப்பிடி மாட்டிய ஓட்டை மட்டும் தெரியும். எத்தனை ஹெச்.பி இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

தம்பிக்கு வந்த படத்தில் லீவர் இருந்தது, தகட்டில் 1.5 இருந்தது. இரண்டு ஹெச்.பியையே எடுக்கச் சொன்னேன். ஒருமுனையில் பத்து ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு, அதனால் கொட்டகைக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் தனியாக இழுக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் சாயங்காலம் ஏழு மணிக்கு, நமுத்த வைக்கோல் ஒரு கட்டைக் கையோடு கொண்டுபோய் அந்த மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும்.