கார்த்திகை பௌர்ணமிக்குத் தீபம் இல்லாத வருடங்கள்

சிவகாசியில் தினசரி நாள்காட்டிகளுக்கு விசேஷ நாள் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு தாளின் கீழேயும் சின்ன எழுத்தில் சஷ்டி, பிரதோஷம், ஆடிப்பெருக்கு என்று வருமே, அந்த வரிகள்தான். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 365 தாளுக்கும் எழுதி, பிறகு மெய்ப்புப் பார்க்க வேண்டும். காலண்டர் வீடுகளுக்குப் போனதும் போன் வர ஆரம்பிக்கும். முக்கால்வாசிப் போன்கள் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கும்: "செல்போன்ல வேற தேதி காட்டுதே?"

2025 அக்டோபரில் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா பேசினார். "சார், கார்த்திகை பௌர்ணமி நவம்பர் 5னு ஆப்ல போட்டிருக்கு. மகா தீபம் பார்க்கலாம்னு அன்னைக்குத் திருவண்ணாமலையில் ரூம் போட்டுட்டோம். உங்க காலண்டர்ல டிசம்பர் 3னு இருக்கு. எது சரி?"

இரண்டும் சரி என்றேன். அவருக்கு அது இன்னும் குழப்பமாகிவிட்டது. அன்று போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் தேதி மாறிப்போனால் இழப்பு ரூம் வாடகையோடு நிற்பதில்லை. தகப்பனாருக்குத் திதி கொடுக்கும் நாளே மாறிப்போன வீடுகளை எனக்குத் தெரியும்.

நம் மாதம் சூரியனுடையது. சூரியன் விருச்சிக ராசிக்குள் நுழைந்தால் கார்த்திகை பிறக்கிறது, தனுசுக்குள் போனால் மார்கழி. அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு என்பதைப் பற்றி இந்தக் கணக்குக்குக் கவலையே இல்லை. வடக்கிலும், ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிராவிலும் பண்டிகைக்கு எடுத்துக்கொள்ளும் மாதம் சந்திரனுடையது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஒரு மாதம், சுமார் இருபத்தொன்பதரை நாள். உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் அதையே பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி வரை எண்ணுவார்கள். பெயர்கள் மட்டும் எல்லோருக்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பௌர்ணமி எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அந்த நட்சத்திரத்தின் பெயர்தான் மாதத்துக்கு. நாம் சித்திரை என்போம், அவர்கள் சைத்ரம் என்பார்கள். நம் கார்த்திகை அவர்களுக்குக் கார்த்திகம். பெயர் ஒன்றாக இருப்பதால் மாதமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு ஒன்று உண்டு. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவில் எந்தச் சூரிய மாதம் பிறக்கிறதோ, அதன் பெயரையே அந்தச் சந்திர மாதத்துக்கு வைத்தார்கள். அதனால் சந்திர மாதம் எப்போதும் நம் மாதத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். சில வருடம் ஓரிரு நாள் முன்னால், சில வருடம் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னால்.

2025ஐயே பாருங்கள். சந்திர கார்த்திகம் அக்டோபர் 22ல் தொடங்கி நவம்பர் 20ல் முடிந்தது. நம் கார்த்திகை பிறந்தது நவம்பர் 17. சந்திர மாதத்தின் பௌர்ணமி நடுவில்தானே வரும், அது நவம்பர் 5. அன்றைக்கு நமக்கு இன்னும் ஐப்பசி. சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் செய்யும் ஐப்பசிப் பௌர்ணமி அதுதான். காசியில் அன்று இரவு படித்துறை முழுக்க விளக்கு ஏற்றினார்கள். தெலுங்கு வீடுகளிலும் ஏற்றினார்கள். திருவண்ணாமலைக்கு வேண்டியது கார்த்திகை மாதமும் கிருத்திகை நட்சத்திரமும். நவம்பர் 5 மாலை சந்திரன் பரணியில் இருந்தது, மாதமும் பிறக்கவில்லை. இரண்டும் கூடிய நாள் டிசம்பர் 3, அதாவது கார்த்திகை 17. வடக்கத்திப் பஞ்சாங்கத்தில் அதற்குள் மார்கசீர்ஷம் வந்துவிட்டது. ஆப்காரர்கள் 'கார்த்திக் பூர்ணிமா'வை அப்படியே தமிழில் 'கார்த்திகை பௌர்ணமி' என்று மாற்றிப் போட, அந்த அம்மா ரூம் போட்டுவிட்டார்.

இது ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை என்பதால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். 2021ல் இரண்டும் நவம்பர் 19 அன்றே வந்தன. 2023ல் தீபம் நவம்பர் 26, வடக்கே பௌர்ணமி மறுநாள். ஆப் சரியாகத்தான் சொல்கிறது என்ற நம்பிக்கை அந்த மாதிரி வருடங்களில் வளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் நம் பண்டிகைகள் எல்லாம் சூரியக் கணக்குதானா என்றால், அதுவும் இல்லை. பொங்கலும் ஆடிப்பெருக்கும் முழுக்கச் சூரியன். தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்றவை சூரிய மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தவை. வைகுண்ட ஏகாதசியும் ஆடி அமாவாசையும் சூரிய மாதமும் திதியும். ஆனால் விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி எல்லாம் சந்திர மாதத்தைப் பார்த்து வருபவை. தமிழ் மாதப் பெயரைச் சொல்லி நாம் அவற்றைக் கூப்பிட்டாலும் நாளைத் தீர்மானிப்பது அமாவாசைதான்.

கிருஷ்ண ஜெயந்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆவணி தேய்பிறை அஷ்டமி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். 2025ல் அரசு விடுமுறை ஆகஸ்ட் 16. ஆவணி பிறந்ததோ ஆகஸ்ட் 17. அதாவது கோகுலாஷ்டமி ஆடி 31ல் வந்துவிட்டது. மெய்ப்பில் அதைப் பார்த்த அச்சுக்கோர்ப்புத் தம்பி, தப்பு என்று நினைத்து அடுத்த மாத அஷ்டமிக்கு வரியைத் தள்ளிவைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சந்திரக் கணக்கில் அது சிராவண மாதத்துத் தேய்பிறை அஷ்டமி, ஆகஸ்ட் 16தான். சூரியக் கணக்கை விடாமல் பிடிப்பவர்கள் சிம்ம மாதம் பிறக்கும்வரை காத்திருந்தார்கள். அதனால் குருவாயூரில் அஷ்டமி ரோகிணி செப்டம்பர் 14. நம் ஊர் வைணவக் கோயில்கள் பலவற்றிலும் ஸ்ரீஜெயந்தி செப்டம்பர் நடுவில்தான். ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஆகஸ்டில் சீடை, இன்னொரு வீட்டில் செப்டம்பரில் சீடை. இரண்டு வரியையும் அந்தந்தத் தாளில் போட்டோம். வடக்கே அதே ஆகஸ்ட் 16ஐ பாத்ரபத அஷ்டமி என்பார்கள். பௌர்ணமி முடிந்ததும் அவர்களுக்கு அடுத்த மாதம் தொடங்கிவிடுகிறது. பெயர்தான் வேறு, இரவு ஒன்றே. தேய்பிறையில் வரும் எல்லாப் பண்டிகைக்கும் இப்படித்தான்.

இனி அதிக மாதம். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள், சூரிய வருடம் 365. வருடத்துக்குப் பதினோரு நாள் பின்வாங்கிக்கொண்டே போனால் தீபாவளி கோடைக்கு வந்துவிடும். அதைத் தடுப்பதும் மேலே சொன்ன முடிச்சுதான். இரண்டு அமாவாசைக்கு நடுவில் எந்தச் சூரிய மாதமும் பிறக்காவிட்டால் அந்தச் சந்திர மாதத்துக்குச் சொந்தப் பெயர் கிடைக்காது. அடுத்து வரும் மாதத்தின் பெயரையே 'அதிக' என்று சேர்த்து வைத்துவிடுவார்கள். சுமார் முப்பத்திரண்டரை மாதத்துக்கு ஒருமுறை இது வரும்.

2023 ஆடியை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 17, ஆடி 1 அன்று ஓர் அமாவாசை. ஆகஸ்ட் 16, ஆடி 31 அன்று இன்னொன்று. சூரியன் கடகத்தில் முப்பத்தொரு நாளுக்கு மேல் தங்குவதால் இரண்டும் உள்ளே அடங்கிவிட்டன. மார்கழியில் இப்படி நடக்க வழியில்லை என்றே சொல்லலாம், சூரியன் அந்த ராசியைச் சீக்கிரம் கடந்துவிடும். அந்த இரண்டு அமாவாசைக்கு நடுவில் ஆவணி பிறக்கவில்லை என்பதால் அது அதிக சிராவணம். வடக்கே அந்த வருடம் சாவன் மாதமே 59 நாள் ஓடியது. நமக்கு எந்த மாதமும் கூடவில்லை. ஆனால் தர்ப்பணம் எந்த அமாவாசைக்கு என்ற கேள்வி வந்தது. ஒரே சூரிய மாதத்தில் ஒரு திதி இரண்டு தடவை வந்தால் பிந்தையதை எடுப்பது பொது வழக்கம். அதன்படி பெரும்பாலோர் ஆகஸ்ட் 16ல் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதத் தள்ளலால் விநாயகர் சதுர்த்தியும் ஆவணியைத் தாண்டி, புரட்டாசி பிறந்த பிறகு செப்டம்பர் 18ல் வந்தது.

திதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது தவறினால் தேதியோடு தமிழ் மாதம், பிறை, திதி மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். புனேயில் இருக்கும் மகன் ஆங்கிலத் தேதியை அங்குள்ள புரோகிதரிடம் கொடுத்தால் அவர் சந்திர மாதத்தைப் போட்டுத் திதி பார்ப்பார். முதல் வருடம் ஒத்துப்போகலாம். பிறகு ஒரு வருடம் ஒரு மாதம் தள்ளிப் போய் நிற்கும். 'சூரிய மாதப்படி, ஆவணி, தேய்பிறை அஷ்டமி' என்று கொடுத்தால் அவர் சரியாகப் பார்த்துச் சொல்வார்.

ஆப் பார்ப்பவர்கள் முதலில் அமைப்பில் எந்த மாத முறை இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் Amanta அல்லது Purnimanta என்று இருக்கும். முதலாவது அமாவாசையில் முடிவது, இரண்டாவது பௌர்ணமியில் முடிவது. இரண்டுமே சந்திர மாதம்தான், தமிழ் மாதம் தனியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்குச் சூரியன் எந்த ராசியில் என்று பாருங்கள். துலாம் என்று இருந்தால் மேலே என்ன பெயர் போட்டிருந்தாலும் நமக்கு அது ஐப்பசி.

திருப்பூர் அம்மா ரூமை மாற்றிக்கொண்டு டிசம்பரில் போய்வந்தார். 2026 மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக மாதம் வருவதால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும். தீபாவளி நவம்பர் 8. வடக்கத்திக் கார்த்திக் பூர்ணிமாவும் நம் தீபமும் நவம்பர் 24 அன்று ஒன்றாக வரும். அடுத்த வருடம், 2027ல், அவர்களுடைய பௌர்ணமி நவம்பர் 14க்குப் போய்விடும். நம் தீபம் டிசம்பரில்.