ஆய்வக அறிக்கைக்குத் தலைப்பு: "சோதனை எண் 3" என்று ஏன் எழுதக்கூடாது

கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளில் அடிக்கடி தென்படும் தலைப்பு "சோதனை எண் 3". கொஞ்சம் கூடுதலாக எழுதுபவர்கள் "ஈடிடிஏ சோதனை" என்பார்கள். இன்னும் சிலர் "நீரின் கடினத்தன்மை" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது தலைப்புக்கு என்ன குறை என்று தோன்றலாம். ஆனால் உண்மையில் ஆளைத் தவறான முடிவுக்கு இழுத்துச்செல்வது அந்த மூன்றாவதுதான். முதல் இரண்டும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைத்துவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். கல்லூரி விடுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் 20 மில்லி பிப்பெட்டில் எடுக்கிறோம். அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு பஃபர் சேர்த்து பிஎச் மதிப்பைப் பத்துக்குக் கொண்டுவருகிறோம். எரியோக்ரோம் பிளாக் டி நிறங்காட்டியில் சிறிது போட்டால் நீர் திராட்சை ரசம் போலச் சிவக்கும். பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் ஈடிடிஏ கரைசலை விட, 12.4 மில்லியில் நிறம் தெளிவான நீலமாகிறது. இந்தச் செறிவில் 1 மில்லி ஈடிடிஏ 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆகவே 20 மில்லி நீரில் 12.4 மில்லிகிராம், லிட்டருக்கு 620 மில்லிகிராம். இது கால்சியம், மெக்னீசியம் இரண்டும் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை.

அதே நீரில் இன்னொரு 20 மில்லியை எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் மதிப்பை 12 வரை ஏற்றி, மியூரெக்சைடு நிறங்காட்டியுடன் அதே ஈடிடிஏயை விட்டால் 8 மில்லியிலேயே முடிவுப்புள்ளி வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த பிஎச்சில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடுவதால் ஈடிடிஏ கால்சியத்தை மட்டுமே பிடிக்கிறது. கணக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வரும். இது கால்சியக் கடினத்தன்மை மட்டுமே.

இந்த இரண்டாவது அறிக்கைக்கு "நீரின் கடினத்தன்மை" என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகும்? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராமை அனுமதி வரம்பாகவும் வைத்திருக்கிறது. அறிக்கையைப் புரட்டும் ஒருவர் தலைப்பையும் 400 என்ற விடையையும் மட்டும் பார்த்தால், 600க்குள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். உண்மையில் அந்த நீர் 620, வரம்பைத் தாண்டிவிட்டது. டைட்ரேஷனில் பிழை இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. தலைப்பில் "கால்சிய" என்ற ஒரு சொல் விடுபட்டதுதான் பிழை.

அதனால் தலைப்பில் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, அளந்த பொருள் எது என்பது. அடுத்தது, எதில் அளந்தோம். "நீர்" என்பது போதாது; ஆழ்துளைக் கிணற்று நீரா, திறந்த கிணறா, குழாய் நீரா என்பது தெரிய வேண்டும். மூன்றாவது, எந்த முறையில். இந்த மூன்றையும் கோத்தால் முதல் அறிக்கைக்குத் தலைப்பு தானாக வந்துவிடும்: "விடுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மை: ஈடிடிஏ டைட்ரேஷன் மூலம் மதிப்பீடு". 0.01 மோலார், 20 மில்லி, பிஎச் 10 போன்றவை செய்முறைப் பகுதிக்கு உரியவை. அவற்றைத் தலைப்பில் திணிக்க வேண்டாம். மாதிரி எடுத்த தேதியும் அப்படித்தான். ஆனால் கோடையையும் மழைக்காலத்தையும் ஒப்பிடுவதே சோதனை என்றால், பருவம் தலைப்பிலேயே இருந்தாக வேண்டும்.

எதையாவது மாற்றிப் பார்த்த சோதனையாக இருந்தால், எதை மாற்றினோம் என்பது நான்காவதாகச் சேரும். விடுதி நீரையே 100 மில்லி எடுத்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, காய்ச்சி வடித்த நீரால் மறுபடி 100 மில்லிக்கு நிரப்பி, அதில் 20 மில்லியை முதல் சோதனை போலவே டைட்ரேட் செய்தால் 7.8 மில்லி ஈடிடிஏ செலவாகிறது என்று கொள்வோம். நிரந்தரக் கடினத்தன்மை 390, தற்காலிகக் கடினத்தன்மை 230. (100 மில்லிக்கு நிரப்ப மறந்தால், ஆவியானது போக மிஞ்சிய நீரில் உப்புகள் செறிந்து நிரந்தரக் கடினத்தன்மை கூடுதலாகக் காட்டும், இது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.) இதற்கு "கொதிக்கவைப்பதால் நிலத்தடி நீரின் தரத்தில் ஏற்படும் தாக்கம்" என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செய்யாத வேலைக்கு உரிமை கோருகிறது. தரம் என்றால் ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமிகள் எல்லாம் அதில் அடங்கும். நாம் பார்த்தது கடினத்தன்மை ஒன்றைத்தான். "நிலத்தடி நீர்" என்பதும் ஒரே ஒரு கிணற்றுக்குப் பெரிய சட்டை. "கொதிக்கவைத்து வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் விடுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மை: ஈடிடிஏ டைட்ரேஷன் மூலம் ஒப்பீடு" என்றால் செய்தது அப்படியே வந்துவிடுகிறது. வடிகட்டியதைச் சொல்வதும் அவசியம். கொதித்ததில் வீழ்படிந்த கார்பனேட்டை நீரிலிருந்து பிரித்தெடுத்தது அந்த வடிதாள்தான்.

தமிழில் தலைப்பு எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நம் வாக்கிய அமைப்பில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வரிசையாக வந்து நிற்கும், முக்கியச் சொல் கடைசியில் வரும். "கொதிக்கவைத்த கிணற்று நீர், குழாய் நீரின் கடினத்தன்மை ஒப்பீடு" என்று எழுதினால், கொதிக்கவைத்தது கிணற்று நீரை மட்டுமா, இரண்டையுமா? படிப்பவருக்குத் தெரியாது. "கிணற்று நீர், குழாய் நீர்: கொதிக்கவைத்தபின் கடினத்தன்மை ஒப்பீடு" என்று முக்காற்புள்ளியில் உடைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஏழெட்டுச் சொற்களுக்குமேல் நீளும் எந்தத் தலைப்பையும் இப்படி முக்காற்புள்ளி போட்டு இரண்டாக வெட்டிப் பாருங்கள்.

"பற்றிய ஓர் ஆய்வு", "குறித்த சோதனை", "கண்டறிவோம்" போன்ற வால்களை வெட்டிவிடலாம். ஆய்வக அறிக்கையில் இருப்பது ஆய்வுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். விடையைத் தலைப்பில் சொல்லலாமா என்பதில் துறைக்குத் துறை வழக்கம் மாறும். மாணவர் அறிக்கையில் சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. "கடினத்தன்மை குறைதல்" என்று முன்பே எழுதி வைத்துவிட்டு, எண்கள் அப்படி வராதபோது எண்களைத் தலைப்புக்கு ஏற்ப வளைக்கத் தோன்றும்.

இதனாலேயே தலைப்பைக் கடைசியில் எழுதச் சொல்கிறோம். முடிவு அட்டவணை தயாரான பிறகு அதன் நிரல் தலைப்புகளைப் பாருங்கள். அட்டவணையில் "மொத்தக் கடினத்தன்மை, லிட்டருக்கு மில்லிகிராம், கால்சியம் கார்பனேட்டாக" என்று இருந்தால் அந்தச் சொல்லே தலைப்பிலும் வர வேண்டும். அட்டவணையில் இல்லாத அளவு எதுவும் தலைப்பில் இருக்கக்கூடாது. பிறகு அறிக்கையைப் படிக்காத வகுப்புத் தோழர் ஒருவரிடம் தலைப்பை மட்டும் காட்டி, எதை, எதில், எப்படி அளந்திருக்கிறோம் என்று கேளுங்கள். அவர் "எந்தத் தண்ணி?" என்று திருப்பிக் கேட்டால், அங்கேதான் ஒரு சொல் குறைகிறது.

சோதனை எண் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. பொருளடக்கத்திலும் மதிப்பெண் பட்டியலிலும் அது வேண்டும். தலைப்புக்கு மேலே, ஓரத்தில், சிறிதாக "சோதனை 3" என்று இருக்கட்டும். கணினியில் சேமிக்கும் கோப்புப் பெயருக்கும் இதே முறைதான்: `exp3_final.docx` என்ற பெயரில் அடுத்த ஆண்டு தேடினால் எதுவும் கிடைக்காது, `total-hardness_hostel-borewell_EDTA.docx` என்றால் "hardness" என்று அடித்தாலே வந்து நிற்கும்.